நெஞ்சுக்குள் ஒரு பேட்டரியுடன் பம்பாய்க்கு

இடது தோளெலும்புக்குக் கீழே எனக்கு பேஸ்மேக்கர் வைத்த சேதி மயிலாப்பூரில் நான்கு பேருக்குத்தான் தெரியும். டாக்டர், நான், மனைவி, மகள். மகளுக்கு வரன் கூடி வந்த சமயம். "அப்பாவுக்கு ஹார்ட்டுன்னா பரம்பரை வியாதிம்பா. கல்யாணம் ஆறவரைக்கும் மூச்சு விடப்படாது," என்றாள் மனைவி. மூச்சு விடுவதற்காகத்தான் அதை வைத்துக்கொண்டேன் என்று சொல்ல நினைத்தேன்.

நிச்சயதார்த்தம் பம்பாயில், பையன் வேலை பார்க்கும் ஊரில். மனைவியும் மகளும் முன்னாடியே ரயிலில் போய்விட்டார்கள். சம்பந்தியாகப் போகிறவர் மாம்பலத்துக்காரர். அவரும் நானும் ஒரே விமானத்தில். விமான கம்பெனிக்கு போன் செய்தேன். ஆபரேஷன் ஆகி மாதங்கள் ஓடிவிட்டதால் தடையில்லை, சமீபத்தில் வைத்ததென்றால்தான் டாக்டர் கடிதம் வேண்டும் என்றார்கள். டாக்டரோ, "செக்யூரிட்டியில முன்னாடியே சொல்லிடுங்கோ. ஆஸ்பத்திரியில குடுத்த பேஸ்மேக்கர் கார்டைக் காட்டி, கையால சோதிக்கச் சொல்லுங்கோ. வாசல் மாதிரி நிக்கற மெஷின்ல நிக்காம நடந்து போனா ஒண்ணும் ஆகாது. கையில வச்சிருக்கற கருவியை மட்டும் நெஞ்சுகிட்ட வச்சுண்டே இருக்க விடாதீங்கோ," என்றார்.

எல்லாம் சரி. ஆனால் செக்யூரிட்டி வரிசையில் எனக்கு நேர் பின்னால் சம்பந்தி நின்றார்.

வரிசை நகர நகர, சட்டைப் பையிலிருந்த கார்டை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கைக்குட்டைக்குள் மறைத்துக் காட்டலாமா? முன்னால் போய்க் காதில் சொல்லலாமா? காதில் ரகசியம் பேசுகிறவனை விமான நிலையப் போலீஸ் எப்படிப் பார்க்கும் என்று யோசித்து அதையும் விட்டேன். பேசாமல் வாசலைக் கடந்தேன். அது அலறியது. போலீஸ்காரர் கருவியுடன் வந்தார். நெஞ்சை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன்.

"கைய எடு சார். இன்னா வச்சிகினு கீற?"

"ஒண்ணுமில்லே," என்றேன். அதைவிடச் சந்தேகமான பதில் தமிழில் கிடையாது.

கருவி நெஞ்சருகே வந்தது. என் மானத்தைவிட அந்தப் பேட்டரி விலை உயர்ந்தது என்று சட்டென்று உறைத்தது. "பேஸ்மேக்கர்! கையால பாருங்கோ!" என்று கத்திவிட்டேன். கார்டை நீட்டினேன்.

"இத மொதல்லியே சொல்றதுக்கின்னா? வாய்க்குப் பூட்டா?" என்று திட்டியபடி கருவியைக் கீழே வைத்துவிட்டு, மென்மையாகத் தடவிச் சோதித்து அனுப்பினார்.

திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. சம்பந்தி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மகளிடம் என்ன சொல்வது என்று நான் வாக்கியம் வாக்கியமாகக் கட்டிக் கலைத்துக்கொண்டிருந்தேன்.

"எத்தனை வருஷம் வரும் அந்த பேட்டரி?" என்றார் கடைசியில்.

"ஏழெட்டு வருஷம்ங்கறா. அப்பறம் மாத்திக்கலாமாம்."

விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "போறும். பேரனுக்குப் பூணல் போட்டுட்டே மாத்திக்கோங்கோ," என்றார்.