சிலிண்டர் ஜோக்குக்குச் சிரிக்காதவர்

என் மாமாவுக்குப் பெண் தர மறுத்தவர் சொன்ன ஒரே காரணம், மாப்பிள்ளை மேடையில் ஜோக் சொல்கிறார் என்பது. நல்லம்பள்ளியில் சொந்தமாக ரீசார்ஜ் கடை வைத்திருந்தது, குடிக்காமல் இருந்தது, தலையில் முடி முழுசாக இருந்தது எதுவும் எடுபடவில்லை. விசேஷங்களில் பாட்டுக் கச்சேரி நடக்கும்போது இரண்டு பாட்டுக்கு நடுவில் மைக்கைப் பிடித்துச் சிரிக்க வைப்பது மாமாவின் வேலை. "ஊரைச் சிரிக்க வெக்கறவனுக்குப் பொண்ணு குடுத்தா ஊரு நம்மளப் பாத்துச் சிரிக்கும்" என்று கம்பைநல்லூரிலிருந்து சொல்லியனுப்பிவிட்டார்கள்.

அப்படி மறுத்தவருடைய மகளும் மாமாவும் ரொம்ப நாளாகப் போனில் பேசிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அம்மாவுக்கு மட்டும் தெரியும். அம்மாவுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும். நாலாம் வகுப்புப் பெண்ணுக்கு என்ன புரியப்போகிறது என்று என் எதிரிலேயே எல்லாம் பேசுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கம்பைநல்லூர் வீட்டுப் பேரனுக்குக் காதுகுத்து வந்தது. மருமகள் வீட்டார் ஏற்பாடு செய்த கச்சேரி, மாமா போகிற கச்சேரியாக அமைந்துவிட்டது. மறுத்தவர் முன்னாலேயே மைக் பிடிக்க வேண்டும். சிரிக்க வைத்தால் ஒருவேளை மனசு மாறும். சொதப்பினால் பேச்சு அத்தோடு முடிந்தது. எனக்கு அந்த அக்காவை ரொம்பப் பிடிக்கும். ஒருமுறை பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுத்தவர்.

மாமாவிடம் ஒரு ஜோக் இருந்தது. வீட்டுக்கு ஒரே போன். பையன் தன் காதலியின் நம்பரை 'கேஸ் ஆபீஸ்' என்று பதிந்து வைத்திருக்கிறான். ஒரு நாளைக்குப் பத்து மிஸ்டு கால். அப்பா அதைப் பார்த்து, "நாட்டுல கேஸ் ஆபீஸு ஒண்ணுதான் பொறுப்பா இருக்குது" என்று மெச்சுகிறார். ஒரு நாள் தாத்தா போனை எடுத்து, "சிலிண்டர் எப்ப வரும்?" என்கிறார். பயந்துபோன பெண், "நாளைக்கு வந்துரும்ங்க" என்கிறாள். மறுநாள் முழுக்கத் தாத்தா வாசலில் காத்துக் கிடக்கிறார்.

இதை மூன்று இடத்தில் சொல்லிப் பார்க்க மாமா புறப்பட்டார். எக்ஸெல் வண்டியில் முன்னால் நின்றுகொண்டு நானும் போனேன். "என்னையப் பாக்காத. கேக்கறவங்க மூஞ்சியப் பாரு. எங்க சிரிக்கறாங்கன்னு சொல்லு" என்பது எனக்கு இட்ட உத்தரவு.

கடையில் காலேஜ் பையன்கள் 'கேஸ் ஆபீஸ்' என்றதுமே வெடித்துவிட்டார்கள். ஜோக் முடிகிற வரை காத்திருக்கவில்லை. ஒருவனையொருவன் முதுகில் அறைந்து, "டேய், உன் போனக் குடுடா பாக்கலாம்" என்றார்கள். தாத்தா காத்திருந்தது அவர்கள் காதிலேயே விழவில்லை.

எங்கள் வீட்டில் அதே இடத்தில் சும்மா புன்னகைதான். கதையில் வரும் அப்பா கேஸ் ஆபீஸை மெச்சினபோது என் அம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த முறம் ஆடியது. "நம்முளுது புக் பண்ணி ஒரு மாசமாவுது" என்றார் அம்மா. என் அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். பையன்கள் மாட்டிக்கொள்ளும் பயத்துக்குச் சிரித்தார்கள்; இவர்கள் தினமும் படுகிற பாட்டுக்குச் சிரித்தார்கள்.

மூன்றாவது இடம் பால் சொசைட்டி. காலையில் பால் ஊற்ற வந்த பெரியவர்களிடம் சொன்னார். ஒரு பல்லும் வெளியே தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஆயா, "பாவம், பெரியவர வெயில்ல உக்கார வெச்சுட்டீங்களே தம்பி" என்றார். பக்கத்தில் இருந்தவர், "அப்புறம் சிலிண்டரு வந்துதா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

மாமா அசரவில்லை. பல்செட் ஜோக் ஒன்றையும், எமன் ஜோக் ஒன்றையும் எடுத்துவிட்டார். இருந்த முகமும் இறுகிப்போனது. ஆனால் மாமா வாய் மூடியதும் அவர்களே, அடுத்து யாருக்குப் பாடை கட்டுவது என்று பேசிச் சிரித்துக்கொண்டார்கள். அது எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அவங்க சாவ அவங்க சொன்னா சிரிப்பு. நான் சொன்னா சாபம்" என்றார் மாமா வண்டியைக் கிளப்பியபடி. போனில் வேறு பெயர் பதியலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அதை முதலில் இரண்டு வார்த்தையில் சொல்லிவிட வேண்டும். வேகத்தைக் குறைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, தாத்தா ஏமாறக் கூடாது. வீடு வந்து சேர்வதற்குள் முடிவை மாற்றிவிட்டார். இப்போது தாத்தா சொல்கிறார்: "சிலிண்டர் மெதுவா வரட்டும் கண்ணு. நீ எப்ப நம்மூட்டுக்கு வர்ற?"

அம்மாவுக்குப் பயம். "வேற எதாச்சும் சொல்லுடா. பொண்ணோட அப்பா மோப்பம் புடிச்சிருவாரு" என்றார். மாமா, "சின்னவங்க, நடுவயசு, பெரியவங்க எல்லாரையும் சிரிக்க வெக்கறதுக்கு எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதாங்க்கா" என்றுவிட்டார்.

காதுகுத்து மண்டபத்தில் காது சரியாகக் கேட்காத பெரியவர்கள் முன்வரிசையில், குடும்பங்கள் நடுவில், பையன்கள் சாப்பாட்டுக் கூடத்து வாசலில். மாமா பல்செட்டையும் எமனையும் தொடவில்லை. சிலிண்டரை மட்டும் சொன்னார். பையன்கள் முதலில் கத்தினார்கள். அதே வயதுப் பெண்கள் அம்மாக்களின் பக்கத்தில் இருந்ததால் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு குனிந்தார்கள். அடுத்து நடுவரிசை. கடைசியாகத் தாத்தா கேட்ட கேள்விக்கு முன்வரிசை குலுங்கியது. அந்த அக்காவின் தாத்தா தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து மற்ற எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். பெரியவர்கள் சிரிப்பைக் கடைசியில் வைத்தது ஏன் என்று அப்போது தெரிந்தது. அதில் சின்னவர்களும் சேர்ந்துகொள்ளலாம்.

ஆனால் எனக்கு இட்ட உத்தரவுப்படி நான் ஒரே ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அக்காவின் அப்பா சிரிக்கவில்லை. ஒருமுறை மேடையைப் பார்த்தார். ஒருமுறை மகளைப் பார்த்தார். அக்கா துப்பட்டாவைக் கடிக்கவும் மறந்து உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் வழியில், "சிரிச்சாரா?" என்று மாமா கேட்டார்.

"இல்ல மாமா."

மாமா வண்டியை மொரப்பூர் ரோட்டில் திருப்பினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரை மட்டும் விட்டுவிட்டு மண்டபத்தையே சிரிக்க வைத்து என்ன பிரயோசனம்?

அடுத்த ஞாயிறு காலையில் எங்கள் வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. முதலில் அந்தத் தொடை தட்டிய பெரியவர் இறங்கினார். பின்னால் அவர் மகன், அந்த அக்காவின் அப்பா. "இவந்தாண்டா அந்த சிலிண்டர்காரன்" என்று பெரியவர் மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். அம்மா காப்பி போட ஓடினார். மற்றவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மாமாவை நேராகப் பார்த்தார்.

"எல்லாஞ் சரிங்க தம்பி. பையனோட அப்பா வர்றாரு, தாத்தா வர்றாரு. அந்தக் கதையில பொண்ணோட அப்பாவே வரலீங்களே?"

மாமாவுக்கு வேர்த்துவிட்டது. எத்தனை மேடை ஏறியவர், சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்தார். அம்மா காப்பித் தட்டோடு அப்படியே நின்றார். கதையை எல்லாரையும்விட அதிகம் கேட்டவள் நான்தான். குறை சொல்கிறாரே என்று எனக்கு ரோஷமாக இருந்தது.

"அவருக்குத்தான் இன்னும் தெரியாதுங்களே, அப்புறம் எப்படி வருவாரு?" என்றேன்.

 அக்காவின் அப்பாதான் முதலில் சிரித்தார். உடம்பே குலுங்க, தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அவருடைய அப்பா சிரித்தார், என் அம்மா சிரித்தார், கடைசியாக மாமாவும் சிரித்தார். மண்டபமே சிரித்தபோது சிரிக்காத மனிதர், கதையில் உள்ளதை உள்ளபடி சொன்னதற்கு எதற்காக இப்படிச் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. எல்லாரும் சிரித்ததால் நானும் சிரித்தேன்.