வெண்ணாற்றுக்குப் போன பந்து

கதிர் அறுக்கும் இயந்திரம் ஓட்டுகிற பரணிதரனுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. ஒரு கோல் முன்னிலை இருந்தால், கடைசி நேரத்தில் பந்தை அவனிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக மூச்சு விடலாம். கார்னர் கொடிப் பக்கம் கொண்டுபோய், எதிராளிக்கு முதுகைக் காட்டிக் காலடியிலேயே வைத்திருப்பான். எதிராளி தட்டி வெளியே விட்டால் த்ரோவும் இவனுக்குத்தான்.

பொங்கல் எழுவர் கால்பந்துப் போட்டி இறுதி ஆட்டத்திலும் அப்படித்தான் நின்றான். எதிரே கூத்தாநல்லூர் அணி. ஒன்றுக்குப் பூஜ்யம், இன்னும் இரண்டே நிமிடம்.

"எனக்குத் தட்டுங்கண்ணே," என்று பக்கத்தில் வந்தான் அவன் அணியின் நவநீதன். தட்டியிருக்கலாம். என்ன புத்தியோ, பரணிதரன் ஓங்கி, திடலை ஒட்டி ஓடும் வெண்ணாற்றுக்குள் உதைத்தான். நீந்தி எடுத்து வருவதற்குள் நேரம் போய்விடும் என்று நினைப்பு. கூட்டம் சிரித்தது, அவனும் சிரித்தான். அவன் அணி முழுக்க, மிதந்து போகும் பந்தையே பார்த்து நின்றது.

கூத்தாநல்லூர்க்காரர்கள் பார்க்கவில்லை. கோட்டோரம் கிடந்த மாற்றுப் பந்தை எடுத்து எறிந்தார்கள். சின்னத் திடல், மூன்றே பாஸில் கோல். பிறகு பெனால்டியில் தோல்வி.

அந்த மாற்றுப் பந்துக்குக் காலையில் காற்றடித்து அங்கே வைத்தவனே பரணிதரன்தான்.

யாரும் திட்டவில்லை. பொழுது சாயும்போது ஆற்றோட்டத்தில் கீழே இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் நனைந்த பந்தோடு வந்தார்.

"உங்க பந்துதானேங்க? யாரு ஆத்துல விட்டது?"

அணியின் மற்ற ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள். அவனைக் காட்டிக்கொடுக்க ஒருவனுக்கும் மனமில்லை.