லைன் ஸ்லோ, சுருக்கமா எழுதுங்கோ

கிணற்றடியில் நாங்கள் ஐந்து பேர் நின்றோம்: அப்பா, அம்மா, அக்காவின் கணவரான அத்தான், மோட்டர் திருத்துகிறவர், நான். நிற்காதவர் பெரியப்பா ஒருவர்தான். அவர் கனடாவில் இருந்தார். கிணற்றில் பாதிப் பங்கும் மோட்டரில் முழுப் பங்கும் அவருடையவை என்பதால், அன்றைக்கு அந்தக் கிணற்றடியில் எங்கள் ஐந்து பேரையும்விட அவருக்கே அதிக இடம் இருந்தது.

மோட்டரைக் கழற்றித் திறந்தபோது உள்ளே கம்பிச் சுற்றான கொயில் கரிக்கட்டையாகியிருந்தது. திருத்துகிறவர் முகர்ந்து பார்த்துவிட்டு, திரும்பச் சுற்றலாம், கடைக்குக் கொண்டு போகவா என்று கேட்டார். அப்பா தோட்டத்தைப் பார்த்தார். வெங்காயம் குமிழ் வைக்கிற பருவம். மூன்று நாளைக்கொருமுறை தண்ணீர் காட்டாவிட்டால் எங்கள் உடுப்பிட்டிச் செம்மண் ஈரத்தையும் பயிரையும் சேர்த்தே குடித்துவிடும். எல்லாம் தெரிந்தும் அப்பா சொன்னது இதுதான்:

"அண்ணையைக் கேக்காமல் கை வைக்கேலாது. பங்குக் கிணறு. நாளைக்கு ஒரு கதை வரும்."

கதை வரும் என்பதில் எங்கள் ஊர் காட்டுகிற அக்கறையைத் தண்ணீர் வரும் என்பதில் காட்டியிருந்தால் நாங்கள் எப்போதோ முன்னேறியிருப்போம்.

பெரியப்பாவுக்கு எழுதுகிற உத்தியோகம் என்னுடையது. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்துப் படித்துக்கொண்டு, சனி ஞாயிறில் வீட்டுக்கு வந்து, நான்கு வருடப் படிப்பின் பயனாக அம்மா சொல்லச் சொல்லக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தட்டச்சுச் செய்வேன். அம்மா சொல்கிற பதிலும் எப்போதும் ஒன்றுதான்: "லைன் ஸ்லோ, டேட்டா முடியப்போகுது, சுருக்கமா எழுதுங்கோ எண்டு போடு."

அதற்கும் காரணம் இருந்தது. பெரியப்பா எழுதமாட்டார். குரல் பதிவு அனுப்புவார். கிணறு வெட்டிய காலத்தில் யார் மண் சுமந்தார்கள், யார் சுமக்காமல் படுத்திருந்தார்கள் என்பதிலே தொடங்கி, அவருடைய முழங்கால் சத்திரசிகிச்சை வழியாக, எங்கள் பெடியளின் சீரழிவில் வந்து முடியும். அதன் பின்னாலே பனி கொட்டுகிற வீடியோ. அதற்குப் பின்னால் யாரோ ஒரு சாமியாரின் வீடியோ. இவற்றைக் கேட்கவும் பார்க்கவும் வேண்டும். பிறகு கேட்டதற்கு அடையாளமாக இரண்டு வார்த்தை சொல்லவும் வேண்டும். நான் அம்மாவின் போனில் படமும் வீடியோவும் தானாக இறங்காதபடி நிறுத்தி வைத்தேன். அவருடைய பனி எங்கள் குழுவில் மங்கலான சதுரங்களாகவே கிடந்து உறைந்தது.

மாத முடிவில் டேட்டா காட் தீர்ந்து, எழுத்து மட்டும் தட்டுத் தடுமாறிப் போகிற நாட்களும் உண்டுதான். ஆனால் அந்த நான்கைந்து நாளை நாங்கள் வருடம் முழுவதற்கும் இழுத்தோம். ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். வெளிநாட்டுச் சொந்தத்திடம் வாயை மூடச் சொல்ல முடியாது; லைனிடம் பழியைப் போட்டால் ஒருவருக்கும் கோபமில்லை. அங்கே இருப்பவர்களும், நாங்கள் இன்னும் பனையில் ஏறி நின்றுதான் சிக்னல் பிடிக்கிறோம் என்று நம்புவதிலே ஒரு சுகம் கண்டார்கள். பொய் சொல்கிறவனுக்கும் நம்புகிறவனுக்கும் இப்படி ஒத்துப்போகிற பொய் வேறெதுவும் கிடையாது. பெரியப்பா ஒருபடி மேலே போய், இரக்கப்பட்டு, மாதாமாதம் அங்கிருந்தே அம்மாவின் போனுக்கு ரீலோட் போடத் தொடங்கினார். அம்மா அதையும் வாங்கிக்கொண்டு, டேட்டா வந்திட்டுது, டவர்தான் பிழை என்று எழுதச் சொன்னா. எழுதினேன்.

மோட்டர் எரிந்த அன்று நான் மூன்று வரியில் ஒழுங்காக ஒரு செய்தி எழுதினேன். அது போதுமானதாயிருந்தது. ஆனால் அத்தானுக்குப் போதவில்லை. "உவர் நம்பமாட்டார், கண்ணாலே காட்டவேணும்" என்று புதுப் போனை எடுத்து, கரிந்த கொயிலைக் கிட்டப்பிடித்து, திருத்துகிறவரைப் பேசவைத்து, நீளமான ஒரு வீடியோ எடுத்தார். தரம் குறையக்கூடாது என்று எச்.டி.யில் குழுவில் போட்டார். கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. கிணற்றுக் கட்டில் அவருடைய பழைய போன் கிரிக்கெட் ஆட்டத்தை நேரலையில் ஓடவிட்டுக்கொண்டிருந்ததை ஒருவரும் நினைக்கவில்லை. வீடியோவில் திருத்துகிறவர் "வோல்டேஜ் இறங்கினதாலை எரிஞ்சது" என்று சொல்லும்போது பின்னால் வர்ணனையாளர் ஆறு ஓட்டத்துக்குக் கத்துகிறார். நேரலை ஒரு இடத்திலும் திக்கவில்லை.

பெரியப்பா பார்த்தார். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பிறகு, அவருடைய வாழ்நாளில் முதல்முறையாக, எழுத்தில் ஒரு பதில் வந்தது:

"மட்ச் நல்லாப் போகுது போல."

அம்மா போனை என்னிடம் தந்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டா. நான் மோட்டரைப் பற்றிக் கேட்டு எழுதினேன். வந்த பதில்: "இஞ்சையும் லைன் ஸ்லோ. பிறகு."

மறுநாளும் கேட்டேன். "டேட்டா இல்லை. சுருக்கமா எழுதவும்." கனடாவில், வீட்டுக்குள் வயர் இழுத்த இணைப்பில் இருந்துகொண்டு! எங்கள் வார்த்தைகளை ஒரு எழுத்துப் பிசகாமல் அவர் சேர்த்து வைத்திருந்திருக்கிறார். அத்தனை வருடமும் நாங்கள் படிக்காத மனிதர் என்று நினைத்தவர் எங்களை மட்டும் நன்றாகப் படித்து வைத்திருந்தார்.

இரண்டு முதியவர்களின் ரோசத்துக்கு நடுவே வெங்காயத் தாள் நுனி மஞ்சளாகத் தொடங்கியது. யாரையும் கேட்காமல் சுற்றிவிடுவோம் என்று அப்பாவிடம் சொன்னேன். நீ படிச்சனீ, ஆனால் உனக்குப் பங்கு முறை தெரியாது என்றார். பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் கேட்டு, மண்ணெண்ணெய்ப் பம்ப் வாடகைக்குப் பிடித்தோம். அவர்களுடைய முறை முடிந்து மிஞ்சிய நேரத்தில்தான் எங்களுக்கு விட்டார்கள். வடக்குப் பக்கப் பாத்திகளுக்குத் தண்ணீர் எட்டவேயில்லை. அத்தான் அந்தப் பாத்திகளையும் வீடியோ எடுக்கப் போனார். அப்பா மண்வெட்டியை நிலத்தில் ஒரு முறை குத்தியதும் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

அந்தப் பாத்திகளில் வெங்காயம் முழுதாய்ப் படுத்த அன்று பின்னேரம் அப்பா என்னைக் கூப்பிட்டு, அண்ணைக்கு வீடியோ கோல் எடுத்துத் தா என்றார். எடுத்துக் கொடுத்தேன். பெரியப்பாவின் முகம் தெளிவாக வந்தது. தலைக்குப் பின்னால் மணிக்கூட்டின் முள்கூடத் தெரிந்தது. அப்பா போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்தார்.

"அண்ணை," என்றார், "லைன் நல்லாத்தான் இருக்கு. எப்பவும் நல்லாத்தான் இருந்தது."

"தெரியும்," என்றார் பெரியப்பா. "அலுப்பெண்டால் அலுப்பெண்டு சொல்லியிருக்கலாம்தானே. நான் ஆரோடை கதைக்கிறது, சொல்லு பாப்பம்?"

எனக்கு ஒரு கணம் பெரியப்பாமேல் இரக்கம் வந்தது. அவர் அதை நீடிக்க விடவில்லை. கிணறு வெட்டிய காலத்துக்குப் போனார், மண் சுமந்தவர்கள், சுமக்காமல் படுத்திருந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள், முழங்கால் வந்தது, பெடியளின் சீரழிவுக்கு இந்த முறை பெயர் சொல்லி நானும் அத்தானும் உதாரணமானோம். பொழுது பட்டது. அப்பா போனை இரண்டு கையாலும் பிடித்தபடி ஓம் ஓம் என்றுகொண்டே இருந்தார். அம்மா சார்ஜரைக் கொண்டுவந்து செருகினா. ஒரு தரமாவது அறுந்துவிடாதா என்று எல்லாரும் அந்த லைனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது அறுபடவில்லை.

முடிவில்தான், போகிற போக்கில், மோட்டரைச் சுத்துங்கோவன், அதுக்கும் என்னைக் கேக்க வேணுமே என்றார்.

கொயில் சுற்றிய கூலி, வாடகைப் பம்ப், மண்ணெண்ணெய், வடக்குப் பாத்திகளில் கருகிய வெங்காயம், எல்லாமாக அறுபத்து நாலாயிரத்து முந்நூறு ரூபா.