பிரிவா, பரஸ்யமா?

கேரள எல்லையோரம் இருக்கும் எங்கள் ஊர் கிளப்பின் செயலாளர் பதவி என்னைத் தேடி வந்தது. எனக்குத் தமிழும் மலையாளமும் நன்றாக எழுத வரும் என்பதுதான் காரணம். வேறு யாரும் கை தூக்கவில்லை என்று என் மனைவி சொல்வதெல்லாம் பொறாமை.

ஓணத்தை ஒட்டி பெருங்கடவிளைப் பக்கம் வடம்வலி நடத்தினோம். கயிறிழுக்கும் போட்டிக்கு இங்கே அதுதான் பெயர். நெய்யாற்றின்கரையில் பெயின்ட் கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர் முதல் பரிசையும் ஜெர்சிகளையும் ஏற்றுக்கொண்டார். ஆண்கள் போட்டிக்கு நடுவே பெண்களும் இரண்டு அணியாகப் பிரிந்து, பரிசு எதுவும் இல்லாமல் ஒரு தடவை இழுத்துக் காட்டினார்கள். அதில் ஒரு அணிக்குத் தலைவி, பள்ளிக்கூட டீச்சரான என் மனைவி. அடுத்த வருஷம் எங்களுக்கும் முறையான போட்டி வேண்டும் என்று அவர்கள் கேட்டதற்கு, ஸ்பான்சர் கிடைத்தால் பார்க்கலாம் என்று கமிட்டி நழுவியது. அதே முதலாளியிடம் நான் வாங்கித் தருகிறேன் என்று மார்தட்டினேன்.

அதற்காகவே ஓர் அறிக்கை தயாரித்தேன். சர்ச் சபைக்கு ஆண்டறிக்கை எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? வானம் ஒத்துழைத்தது, வார்டு மெம்பர் வாழ்த்தினார், தலைவர் நெகிழ்ந்தார் என்று பக்கம் பக்கமாக ஓடியது. கடைசிப் பக்கத்தில் ‘மகளிரும் கலந்துகொண்டு சிறப்பித்தனர்’ என்று ஒரு வரி சேர்த்தேன். கலர் படங்களை ஒட்டி, பைண்டிங் போட்டு, கல்யாண அழைப்பு வைப்பதுபோல் இரண்டு கையாலும் நீட்டினேன்.

முதலாளி எழுத்தைப் படிக்கவே இல்லை. படங்களை மட்டும் புரட்டினார்.

“சாறே, இதில நம்ம கடைப் பேரு எங்க?”

பார்த்தேன். எல்லாப் படத்திலும் பேனருக்கு முன்னால் கமிட்டி நின்றது. ஒன்றில் என் காதுக்கும் தலைவர் தோளுக்கும் இடையில் ஓர் எழுத்து எட்டிப் பார்த்தது. இன்னொன்றில் கடைப் பெயரை என் வயிறு முழுசாக விழுங்கியிருந்தது.

“ஜெர்சி முதுகுல உண்டு முதலாளி,” என்றேன்.

“வடம் வலிக்கியவன் பின்னால சாஞ்சுல்லா கெடப்பான். முதுகு மண்ணப் பாத்துல்லா இருக்கும். மண்ணா நமக்க கடையில வந்து பெயின்ட் வாங்கும்?”

பிறகு அறிக்கையை மூடி வைத்தார். “இஞ்ச பாருங்க சாறே. நான் தந்தது பிரிவு இல்ல, பரஸ்யமாக்கும். பிரிவுன்னா ஒரு நன்றி போதும். பரஸ்யம்னா ஆரு கண்டா, எங்கேருந்து வந்தா, அதுல்லா சொல்லணும்?”

பிரிவு என்றால் இங்கே வீடு வீடாக வாங்கும் நன்கொடை, பரஸ்யம் என்றால் விளம்பரம். இரண்டு மொழி தெரிந்த மேதைக்கு இந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசம் அன்றுதான் உறைத்தது. அடுத்த வருஷம் பாக்கலாம் என்று அனுப்பி வைத்தார். அந்தச் சொல்லின் அர்த்தம் எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

வீட்டில் சொன்னேன். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் வாடியதைப் பார்க்க அதைவிடக் கஷ்டமாக இருந்தது. “நாங்க வடம் வலிக்கும்போ நீங்க எல்லாம் எங்க போயிருந்தியோ?” என்று கேட்டாள்.

“சாயா குடிக்க.”

அவள் ஃபோனை எடுத்துக் காட்டினாள். யாரோ எடுத்த வீடியோ. பெண்கள் கயிற்றைப் பிடித்துச் சாய்ந்து கிடக்கிறார்கள், சாலையில் பைக்குகள் நின்றுவிட்டன, மதில்மேல்கூட ஆள். பின்னால் கடையின் பேனர் முழுசாக, எழுத்துக்கு எழுத்து தெரிகிறது. மறைக்கக் கமிட்டி இல்லை. கிளப்புக்கு நாங்கள் செய்த ஒரே நல்ல காரியம் அந்தச் சாயா.

அன்று அவளே ஒரு பக்கம் எழுதினாள். கடைக்கு என்ன சொல்லியிருந்தோம், எதைச் செய்தோம், எது தவறியது. பேனரைக் கமிட்டி மறைத்தது, அடுத்த முறை தலைக்கு மேலே கட்டுவோம். முதுகில் போட்ட பெயர் தெரியவில்லை, இனி கைப்பக்கம் போடுவோம். வீடியோ பொழியூர் வரைக்கும், எல்லை தாண்டிக் களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் எந்தெந்த வாட்ஸ்அப் குழுக்களில் ஓடியது என்பதையும், கூட்டத்தை எண்ணவில்லை என்பதையும் அப்படியே எழுதினாள். அடியில், பெண்கள் போட்டிக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி. நான் திருத்த ஓர் எழுத்துப்பிழைகூட வைக்கவில்லை.

இருவருமாகப் போனோம். முதலாளி பக்கத்தைப் படித்தார். வீடியோவை இரண்டு தரம் பார்த்தார். ஒலிபெருக்கியில் தன் கடைப் பெயர் வந்த இடத்தில் சத்தத்தைக் கூட்டினார்.

“வீட்டுக்கு எந்த நெறம் அடிக்கணும்னு முடிவு செய்யது பெண்ணுங்கதானே,” என்றார். “பெண்ணுங்க வடம்வலி நம்ம கடை பேருல நடக்கட்டு.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் பங்கும் அதில் கொஞ்சம் இருப்பதாக நினைத்து, நன்றியுரைக்குத் தொண்டையைச் செருமினேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. அவளிடம்தான் சொன்னார். “ஒரு காரியம் மட்டும் டீச்சரே. அடுத்த ரிப்போர்ட்டையும் நீங்களே எழுதணும்.”