ஒரு கட்டத்துக்கு ஒரு சொல்

மீனவர்களுக்கான கடல் பாதுகாப்புக் கையேடு ஆங்கிலத்தில் ஆறு பாகம். சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் அதைத் தமிழில் கொண்டுவர முனைந்தபோது, ராமநாதபுரத்தில் நான் மூன்று பாகம், ராமேஸ்வரத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மூன்று பாகம் என்று பிரித்துக்கொண்டோம். எனக்குப் படகைப் பற்றி என்ன தெரியும்? எங்கள் வீடு திருவாடானைப் பக்கம், நெல்லும் மிளகாயும். முதல் மாதம் நங்கூரத்துக்கே நான் நாலு பெயர் வைத்திருந்தேன். என் எழுத்தே எனக்குச் சிரிப்பாக வந்தது.

அதனால்தான் எக்ஸெலில் ஒரு சொல் பட்டியல் போட்டேன். முதல் பத்தியில் ஆங்கிலச் சொல், அடுத்ததில் தமிழ், அப்புறம் எந்தப் பொருளில் வருகிறது என்ற குறிப்பு, கடைசியில் ‘போடக் கூடாதவை’. அந்தக் கடைசிப் பத்திதான் எனக்குச் செல்லம். பிடிக்காத சொல்லை அங்கே கொண்டுபோய் உட்கார வைப்பதில் ஒரு தனி சந்தோஷம். விதி ஒன்றே ஒன்று: ஒரு கட்டத்துக்கு ஒரு சொல்.

புயலுக்குக் கையேட்டில் இரண்டு நிலைகள். ‘அலர்ட்’ வந்தால் படகைச் சரிபார், வானொலியைக் கேள், தயாராக இரு. ‘வார்னிங்’ வந்தால் கடலுக்குப் போகவே கூடாது. முதலாவதற்கு ‘உஷார் அறிவிப்பு’, இரண்டாவதற்கு ‘எச்சரிக்கை’ என்று நான் பதிந்திருந்தேன்.

தலைமையாசிரியரின் புயல் பாகம் தட்டச்சாகி வந்ததும் ஆங்கிலத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு நிலைக்கும் ‘எச்சரிக்கை’ என்றே இருந்தது. ‘எச்சரிக்கை வந்தால் வலையைச் சரிபார்த்துத் தயாராக இருக்கவும்.’ என் பாகத்தில் அதே எச்சரிக்கைக்குப் படகைக் கரையேற்றச் சொல்லியிருக்கிறேன். அவர் புத்தகம் கைக்குக் கிடைத்தவன் என்ன செய்வான்? எச்சரிக்கைதானே என்று கிளம்பிவிடுவான்.

அலுவலகம் வழியாக எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த அந்தப் பட்டியலைத் திறந்தேன். ‘அலர்ட்’ கட்டத்துக்குள் என் சொல், ஒரு சாய்கோடு, அவர் சொல். கோட்டைப் போட்டது தொண்டு நிறுவன அலுவலக ஒருங்கிணைப்பாளராகத்தான் இருக்கும்.

அன்று காலையே அலுவலகத்துக்குப் போனேன். தலைமையாசிரியரும் அங்கே இருந்தார்.

“தம்பி, இந்தக் கோட்ட யாரு போட்டா?” என்று ஒருங்கிணைப்பாளரைக் கேட்டேன்.

“நான்தேங்க்கா. சாரு எனக்கு அஞ்சாப்புல இருந்து பாடம் சொன்னவரு. அவரு சொல்ல எப்பிடிக்கா அழிக்கிறது? ரெண்டு பேருக்கும் மனசு நோகக் கூடாதுன்னுதேன்…”

“பாகப்பிரிவினையா பண்ற? கட்டத்துல பாதி அவருக்கு, பாதி எனக்குன்னு? கடலுக்குப் போறவன் மனசு நோகாதா?”

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா, உஷாருங்கறது தமிழா?”

“இல்லைன்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே சார். நான் மாத்தியிருப்பேன். நீங்க இவன்கிட்டச் சொன்னீங்க, இவன் கோட்டப் போட்டுட்டான். இப்ப ரெண்டு புத்தகத்தையும் வாசிங்க.”

வாசிக்க வைத்தேன். அவர் பக்கத்தை அவர், என் பக்கத்தை ஒருங்கிணைப்பாளர். இரண்டாவது வரி முடிவதற்குள் தலைமையாசிரியர் தாளைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏலே,” என்றார் தலைமையாசிரியர் தன் பழைய மாணவனிடம், “தப்புன்னா தப்புன்னு சொல்ல வேணாமா? நான் என்ன இன்னமும் பெரம்போடவா திரியுறேன்?”

“அதில்ல சார்…”

“உஷாரு மட்டும் வேணாம்மா. ‘ஆயத்த அறிவிப்பு’ன்னு வச்சுக்குவமா?”

எனக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. பிடித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. கட்டத்தில் அதைப் பதிந்து, ‘உஷார் அறிவிப்பு’, ‘எச்சரிக்கை’ இரண்டையும் ‘அலர்ட்’ வரிசையின் ‘போடக் கூடாதவை’க்குத் தள்ளினேன்.

“அப்ப முடிஞ்சுதுக்கா,” ஒருங்கிணைப்பாளர் முகம் மலர்ந்தது. “மொத்தமா மாத்துற பட்டன் இருக்குல்ல, ஒரே தட்டு.”

அதுவரை அடக்கியிருந்த கோபமெல்லாம் அங்கேதான் வெடித்தது.

“ஒன் பட்டனுக்குத் தெரியுமா, எது அலர்ட்டு எது வார்னிங்குன்னு? அவரு பாகத்துல ரெண்டும் ஒரே சொல்லு. ஒரே தட்டுல தட்டுனா, போகாதேன்னு சொல்ற எடமும் தயாரா இருன்னு மாறிப்போகும். என் பாகத்துல வேணா தட்டலாம். அவரு பாகத்துல ஒவ்வொண்ணா இங்கிலீஷப் பாத்துத்தேன் மாத்தணும்.”

“அப்ப… நீங்க எப்ப ஆரம்பிக்கிறீங்கக்கா?”

“நானா?”

நாற்காலியை இழுத்து அவன் பக்கம் தள்ளினேன். அவன் தலைமையாசிரியரைப் பார்த்தான். அவர் ஆங்கிலக் கையேட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார். “உக்காருல. நான் இங்கிலீஷ வாசிக்கிறேன். நீ தேடு.”

நான் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். பின்னால் அவர் ஒவ்வொரு இடமாக வாசிப்பதும், “சார், இது போகாதேங்கறதா, தயாராகுங்கறதா?” என்று அவன் கேட்பதும் காதில் விழுந்துகொண்டிருந்தன. மத்தியானம் டீ வாங்கி வந்து வைத்தான். நான் குடிக்கவில்லை.