மூடப்போகிறோம் என்றது மின்னஞ்சல்

அந்தத் தெருவில் போட்டோ ஸ்டூடியோக்காரரை ஏமாற்றியவர் எவரும் இல்லை. ஏமாற்ற வேண்டுமென்றால் முதலில் அவர் எதையாவது நம்ப வேண்டும். பரிசு விழுந்ததாக வந்த செய்தியை நம்பவில்லை, சரி. கடைக்கு மேல்மாடியில் குழாய் உடைந்து தண்ணீர் ஒழுகுகிறது என்று பக்கத்துக் கடைக்காரர் போன் செய்தபோதும், "யார்கிட்ட வேலை காட்டுற?" என்று போனை வைத்துவிட்டார். கேமரா பை நனைந்து ஊறிய பிறகு, அது தண்ணீர்தான் என்று ஒருவாறு ஒப்புக்கொண்டார். நண்பர்கள் அவரைச் 'சந்தேகம்' என்றே அழைத்தார்கள். அதைப் பட்டம் என்று எண்ணிப் பெருமைப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

எல்லாவற்றையும் நம்புகிறவனுக்கும் எதையுமே நம்பாதவனுக்கும் ஒரு வசதி பொது: இருவரும் எழுந்து போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

அன்று காலை மருந்துக்கடைக்காரம்மா வந்திருந்தார். வீட்டுக் கூரை ஒழுகி, இவர் எடுத்துக் கொடுத்த கல்யாண ஆல்பம் கூழாகிவிட்டதாம்.

"அண்ணே, எங்கப்பா சிரிச்ச படம் அது ஒண்ணுதான். மனுஷன் வாழ்க்கையில அன்னைக்குத்தான் பல்லைக் காட்டினார். இப்ப அவரும் இல்ல. காப்பி இருக்குமா?"

"சாயங்காலம் வாங்க. என்கிட்ட எதுவும் தொலையாது," என்றார் அவர்.

கடை ஹார்டு டிஸ்க் போன வருஷமே உயிரை விட்டிருந்தது. பழைய படங்கள் எல்லாம் இணையத்தில் தொடங்கிய ஒரு கோப்புச் சேமிப்புக் கணக்கில்தான் கிடந்தன. அதை அவர் திறந்து இரண்டு வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

அந்த அம்மா போன சற்று நேரத்தில் அந்தக் கணக்கை நடத்தும் நிறுவனத்தின் பெயரிலேயே மின்னஞ்சல் வந்தது. நீண்ட நாள் பயன்படுத்தாததால் கணக்கு வெள்ளிக்கிழமை மூடப்படும், உள்ளே இருப்பவை அழிக்கப்படும், தொடர வேண்டுமென்றால் கீழே அழுத்தவும் என்றிருந்தது.

ஸ்டூடியோக்காரருக்கு உற்சாகம் தீயாய்ப் பற்றிக்கொண்டது. கடைக்குள் படங்களுக்கு நிறம் சரிசெய்துகொண்டிருந்த மனைவியை அழைத்தார்.

"இங்க வா, பாடம் நடத்துறேன். பயமுறுத்துறான் பார். அவசரப்படுத்துறான் பார். அழுத்தச் சொல்றான் பார். மூணும் இருந்தா மோசடி. எழுதிக்க!"

"அனுப்பின முகவரி?"

"சரியாத்தான் இருக்கு. அதையும் போலியா போடுவானுங்க."

"எழுத்துப்பிழை?"

"ஒண்ணுகூட இல்ல. அதான் எனக்கு இன்னும் சந்தேகமா இருக்கு."

அழித்துவிட்டார். குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். உலகத்தைக் காப்பாற்றிய களைப்போடு நாற்காலியில் சாய்ந்தார்.

மனைவி நகரவில்லை. "ஏங்க, மெயில் பொய்யாவே இருக்கட்டும். நாம ரெண்டு வருஷமா அந்தக் கணக்குப் பக்கம் போகலேங்கிறது உண்மைதானே?"

"அதுக்கு?"

"மெயில்ல இருக்கிறதை அழுத்த வேணாம். நாமளே சைட்டுக்குப் போய்ப் பார்ப்போம். நிஜமா மூடப்போறான்னா அங்கயும் சொல்லியிருப்பான். இல்லேன்னா, இல்ல."

"போய்ப் பார்க்கிறதும் அவன் விரிச்ச வலைதான்!"

"நம்ம வீட்டுச் சாவியால நம்ம கதவைத் திறக்கிறது வலையா? திறங்க."

தேடல் பெட்டியில் பெயரைப் போடப் போன அவர் கையை அவளே தடுத்தாள். "அதுல மேல விளம்பரத்துல எவனாவது அதே பேர்ல உட்கார்ந்திருப்பான். முன்னாடி நாம தினமும் போன முகவரியைக் குறிச்சு வச்சிருக்கோம்ல, அதுல போங்க."

குறித்து வைத்திருந்த பழைய முகவரி அப்படியே இருந்தது. கடவுச்சொல்லைத் தட்டும்போது, இருபது வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட மனைவிக்குத் தெரியாதபடி இடது கையால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டார்.

உள்ளே நுழைந்ததும் பக்கத்தின் தலையில் மஞ்சள் பட்டை. வெள்ளிக்கிழமை. பயன்படுத்தாத கணக்கு. அழிக்கப்படும். தொடர்ந்து வைத்திருக்க உறுதிசெய்யவும். அழித்த மின்னஞ்சலில் இருந்த அதே செய்தி, அதே தேதி.

அவள் உறுதிசெய்தாள். பட்டை மறைந்தது.

"நான் சொன்னது," என்று மெல்லத் தொடங்கினார் அவர், "பொதுவா. நூத்துக்கு தொண்ணூத்தொம்பது மோசடிதான்."

"இது மிச்சம் ஒண்ணு. அந்த ஒண்ணுலதான் அவங்கப்பா பல்லு இருந்துச்சு."

மருந்துக்கடை அம்மாவின் கல்யாணக் கோப்பை அவள் முதலில் இறக்கினாள். பிறகு மற்றவற்றையும், ஒன்றுக்கு இரண்டாக, புது டிஸ்குகளில் போடத் தொடங்கினாள்.

சாயங்காலம் அந்த அம்மா வந்தார். அச்சிட்ட படத்தைக் கையில் வாங்கினார். முன்பல் ஒன்று விழுந்த வாயோடு, யாரையோ பார்த்துச் சிரிக்கும் கிழவர். அம்மா அந்தப் பல்லிடுக்கை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எவ்வளவு பத்திரமா வச்சிருந்தீங்கண்ணே!"

"இந்தக் காலத்துல ஜாக்கிரதையா இருக்கணும்மா," என்றார் ஸ்டூடியோக்காரர். "நான் எதையும் நேர்ல போய்ப் பார்க்காம நம்ப மாட்டேன்."

உள்ளே டிஸ்கைச் சொருகிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். கதவைக் கொஞ்சம் ஓசையோடு சாத்தினாள்.