செம்பொன் டீச்சர்

கதவைத் திறக்கத் தெரிந்தவரே உள்ளே உட்கார்ந்திருந்தால், பூட்டியது யார்? அந்தப் பயிற்சி மையத்தில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்த டீச்சரைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழும். பதினோரு வருடம். வகுப்பறை கீழே, படுக்கை மேலே. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். மையம் அண்ணனுடையது. அவள் சான்றிதழ்கள் அண்ணனின் மேஜையில், பூட்டிய இழுப்பறைக்குள்.

ஜப்பானிய மொழியில் பொருளின் வடிவத்துக்கேற்ப எண்ணும் சொல் மாறும். மாணவர்கள் தடுமாறுவதைப் பார்த்து அவளே வழி கண்டுபிடித்தாள்.

"மை எங்க படும்? காகிதத்துல. தட்டையா இருந்தா 'மை'. கொய்யா எப்படி இருக்கும்? உருண்டையா. அதுக்கு 'கொ'. லாரிக்காரன் ஹாரன் எப்படி அடிப்பான்?"

"நீளமா, டீச்சர்!"

"அதான் நீளமானதுக்கு 'ஹொன்'. ஒண்ணு இப்பொன், ரெண்டு நிஹொன். மூணுலதான் எல்லாரும் வழுக்கி விழுவீங்க. செம்பொன்னை நெனைச்சுக்கோங்க. சம்பொன்!"

அதிலிருந்து அவள் பெயரே செம்பொன் டீச்சர்.

ஒவ்வொரு குழுவும் தேறி ஜப்பானுக்கு விமானம் ஏறியது. ஒருமுறை அவளும் விண்ணப்பத் தாள் கேட்டாள்.

"நீ போயிட்டா வகுப்ப யாரு எடுப்பா? சுவரா எண்ணும்?" என்றார் அண்ணன்.

"பதினோரு வருஷமா கேக்குதுண்ணே. சுவருக்கும் இப்ப மனப்பாடம்."

அண்ணன் சிரித்தார். இழுப்பறையைத் திறக்கவில்லை.

அந்த ஆண்டு, உதிரிபாகக் கிடங்குக்கு ஆள் எடுக்க ஒரு ஜப்பானியத் தொழிற்சாலை அதிகாரி வந்தார். மேஜையில் தகடுகள், இரும்புக் குண்டுகள், கம்பிகள். எடுத்துக் கொடுத்தபடியே எண்ண வேண்டும், அவ்வளவுதான். டீச்சர் மொழிபெயர்த்தாள். மாணவர்கள் முடித்ததும் அதிகாரி அவள் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார்.

"என்னவாம்?" என்றார் அண்ணன்.

"நானும் வர்றேனான்னு கேக்கறார். எல்லாருக்கும் வச்ச தேர்வுதானாம்."

அண்ணன் முகம் சுருங்கியது. வெளிநாட்டுக்காரர் முன் மறுக்க முடியவில்லை. "எண்ணு" என்றார்.

தகடுகளை எடுத்தாள். இச்சிமை, நிமை, சன்மை. குண்டுகள்: இக்கொ, நிகொ, சன்கொ. அதிகாரி தலையாட்டினார். கடைசி பெஞ்சில் ஒருத்தி கைதட்டவே தயாரானாள். டீச்சர் கம்பியைத் தொட்டாள்.

"இப்பொன். நிஹொன்." மூன்றாவது கம்பி கையில் நின்றது. அண்ணனைப் பார்க்கவில்லை, அதிகாரியையும் பார்க்கவில்லை. சற்று நேரம் எதிர்ச் சுவரைப் பார்த்தாள்.

"சன்ஹொன்."

கைதட்டத் தயாரானவள் கைகளை இறக்கிக்கொண்டாள். அதிகாரி பணிவாகத் தலைகுனிந்து காகிதத்தில் தவறு என்று கோடு போட்டார்.

"டீச்சர், உங்களுக்கா வழுக்கிச்சு?" என்று வெளியே வந்ததும் கடைசி பெஞ்சுக்காரி கேட்டாள். அண்ணன் அன்று மாலையே, இனிப் பூட்டத் தேவையில்லை என்பதுபோல, இழுப்பறைச் சாவியைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தார். அவள் அதைத் தொடவில்லை.

மறுநாள் புதுக்குழு. கரும்பலகையில் மூன்று கோடுகள் நீளமாக இழுத்தாள்.

"எங்க, சொல்லுங்க" என்றாள். "இப்பொன், நிஹொன்…"